வில் இரண்டு இடத்தில் வெட்டியது

முக்கோணம் ABC-யில் A = 30°, a = 6 செ.மீ, b = 10 செ.மீ. c காண்க. விடைக்குறிப்பில் 11.98. நான் திருத்திய ஒரு விடைத்தாளில் 5.34 என்று இருந்தது, தப்பு என்று அடித்துவிட்டேன்.

தாளை வாங்கிப் பார்த்த மாணவன் கேட்டான்: "சார், வில்லு ரெண்டு இடத்துல வெட்டுச்சு. கிட்ட இருந்ததை எடுத்தேன். அது எப்படித் தப்பு?"

ஓரத்தில் படம் இருந்தது. A-யிலிருந்து கிடையாக ஒரு கதிர். அதற்கு 30 பாகை சாய்வில் 10 செ.மீ போய் C. C-யில் கவராயத்தை ஊன்றி 6 செ.மீ ஆரத்தில் ஒரு வில். C-யிலிருந்து கதிருக்குச் செங்குத்து உயரம் b sin A, அதாவது 5 செ.மீ. 6 அதைவிடப் பெரிது, ஆகவே வில் கதிரை வெட்டியே தீரும். 10-ஐவிடச் சிறிது, ஆகவே இரண்டு வெட்டும் A-யின் ஒரே பக்கத்தில் விழும். செங்குத்தின் அடி A-யிலிருந்து 8.66-இல். அதற்கு இருபுறமும் 3.32 தள்ளி, 5.34-இலும் 11.98-இலும் அந்தப் புள்ளிகள்.

சைன் விதிப்படி போட்டால் sin B = 10 × 0.5 ÷ 6 = 0.8333. கால்குலேட்டரில் sin⁻¹ அழுத்தினால் 56.44° மட்டும்தான் வரும், ஏனென்றால் அது 90 பாகையைத் தாண்டாது. 123.56-க்கும் அதே சைன்தான். அந்த விரிகோணத்தை நாம்தான் 180-இலிருந்து கழித்து எடுக்க வேண்டும். 30-ஐக் கூட்டினால் 153.56, 180-க்குள் அடங்குகிறது, ஆகவே அந்த முக்கோணமும் உண்டு. a 12 ஆக இருந்தால் B 24.62 அல்லது 155.38 என்று வரும். 155.38-உடன் 30 சேர்ந்தால் 180-ஐத் தாண்டிவிடும், ஒரே முக்கோணம்தான். கூட்டிப் பார்க்கும் இந்த ஒரு வரியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

விடைக்குறிப்பு எழுதியவரும் விட்டிருக்கிறார். திருத்தியபோது நானும் விட்டேன். குறிப்பை மீறி மதிப்பெண் போட்டால் எல்லாத் தாளுக்கும் ஒரே அளவுகோல் இருக்காது என்பது அப்போது என் நியாயம். அதில் இன்னும் கொஞ்சம் உண்மை இருப்பதாகவே நினைக்கிறேன். ஆனால் 11.98 எழுதியவர்களில் இன்னொரு முக்கோணம் இருப்பதை யாரும் குறிப்பிடவில்லை, அவர்களுக்கு முழு மதிப்பெண். இரண்டையும் கண்ணால் கண்டவனுக்குப் பூஜ்யம்.

அவனும் ஒன்றைத்தான் எழுதினான் என்பதும் சரிதான். தூரத்துப் புள்ளியை ஏன் விட்டான் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கொசைன் விதியில் c² − 17.32c + 64 = 0 என்று போட்டிருந்தால் இரண்டு மூலங்களும் சேர்ந்தே வந்திருக்கும், எதையும் மறக்க வழியில்லை. அப்படிப் போடச் சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் அந்தச் சமன்பாட்டில் வில் தெரியாது. அவன் பார்த்தது அந்த வில்லைத்தான்.

5-க்கு 3 என்று மாற்றிப் போட்டேன். மற்றத் தாள்களைத் தொடவில்லை.