எஃப்-1 விசா: ஸ்லாட் போடும் முன் முகவரியைப் பாருங்கள்

போன வாரம் பாஸ்போர்ட் கைக்கு வந்தது, அமெரிக்காவில் படிப்பதற்கான எஃப்-1 விசா ஒட்டியிருக்கிறது. அந்தத் தெம்பில் எழுதுகிறேன். டிஎஸ்-160 நிரப்புவது, செவிஸ் கட்டணம், ஐ-20 எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், அதற்குள் போகவில்லை. இன்டர்வியூ கேள்விகளையும் ஊரே எழுதியாயிற்று. நான் சொல்லப்போவது ஒரே விஷயம்: எந்த வாசலில் போய் நிற்க வேண்டும் என்பதை ஸ்லாட் போடும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். இதற்கு நான் கொடுக்கிற முக்கியத்துவம் கொஞ்சம் அதிகமாகத் தெரியலாம். எனக்கு நடந்தது அப்படி.

முதலில் அடிப்படை. அமெரிக்க விசாவுக்கு இந்தியாவில் இரண்டு அப்பாயின்ட்மென்ட். முதலாவது கைரேகை, போட்டோ. இது விசா விண்ணப்ப மையத்தில், அதாவது VAC-இல். இரண்டாவது இன்டர்வியூ, இது தூதரகத்தில் அல்லது கான்சுலேட்டில். பெரும்பாலும் இரண்டும் வேறு வேறு கட்டடம். சென்னையில் கான்சுலேட் அண்ணா சாலையில், ஜெமினி மேம்பாலத்தை ஒட்டி இருக்கிறது, எல்லோருக்கும் தெரியும். ஆனால் VAC பல வருஷமாக இயங்கியது கோடம்பாக்கம் ஹை ரோட்டில் குட் ஷெப்பர்ட் ஸ்கொயர் என்ற கட்டடத்தில். டெல்லியில் இன்னும் மோசம்: தூதரகம் சாணக்யபுரியில் சாந்திபத்தில், VAC கன்னாட் பிளேஸ் பக்கம் சிவாஜி ஸ்டேடியம் மெட்ரோ நிலையத்துக்குள். மும்பையில் இரண்டுமே பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ்தான். பக்கத்தில் இருப்பதாலேயே அங்கே ஆட்கள் இடம் மாறி நிற்கிறார்கள்.

எனக்கு அமைந்தது ஹைதராபாத். என் கல்லூரி திறப்பதற்குள் சென்னையில் தேதியே இல்லை. நான் பணம் கட்டியிருந்த கன்சல்டன்சி (பெயர் வேண்டாம்) வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்பியது. 'ஹைதராபாத் செல்வோருக்கான வழிகாட்டி' என்று தலைப்பு, கலர் கலராக இருந்தது. அதில் கான்சுலேட் முகவரி: பைகா பேலஸ், சிரான் ஃபோர்ட் லேன், பேகம்பேட். கைரேகைக்கும் அங்கேயே போக வேண்டும் என்று கீழே ஒரு வரி. செகந்திராபாத் ஸ்டேஷன் பக்கம் லாட்ஜ் எடுத்தால் வசதி என்று யோசனை வேறு.

எனக்கு எதையும் இரண்டு இடத்தில் பார்க்காமல் தூக்கம் வராது. வீட்டில் திட்டு வாங்கிக் கொடுக்கும் குணம்தான், இந்த முறை உதவியது. அமெரிக்கத் தூதரகத்தின் இந்தியத் தளத்தில், முகவரி .gov என்று முடிகிறதா என்று பார்த்துக்கொண்டு, ஹைதராபாத் பக்கத்தைத் திறந்தேன். முகவரி வேறாக இருந்தது: நானக்ராம்குடா, ஃபைனான்ஷியல் டிஸ்ட்ரிக்ட், பின்கோடு 500032.

நடந்தது இதுதான். 2023 மார்ச்சில் ஹைதராபாத் கான்சுலேட் பேகம்பேட்டைக் காலி செய்துவிட்டு நானக்ராம்குடாவில் கட்டிய புது வளாகத்துக்குப் போனது. மார்ச் 20 அன்று புது இடம் திறந்தது. அதற்கு முன்பே, அந்த வருஷ ஜனவரியில், கைரேகையும் பாஸ்போர்ட் வாங்குவதும் ஹைடெக் சிட்டி மெட்ரோ நிலையத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிற VAC-க்கு மாறிவிட்டது. மாதாப்பூர், பின்கோடு 500081. ஆக அந்தப் பிடிஎஃப்பில் இருந்த இரண்டு தகவலும் செத்துப்போனவை. யாரோ பழைய காலத்தில் அடித்ததை, வருஷத்தை மட்டும் மாற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். கேட்டதற்கு, "சார், கூகுள் மேப்ல போட்டா வந்துடும்" என்று பதில். இதற்குத்தான் அத்தனை ஆயிரம்.

மேப் மீதும் முழு நம்பிக்கை வேண்டாம். 'யுஎஸ் விசா சென்டர்' என்று தேடினால் தனியார் ஏஜென்ட் ஆபீஸ்களும் அதே மாதிரிப் பெயரில் வந்து நிற்கும். நான் கண்டுபிடித்த சின்ன உத்தி பின்கோடு. பைகா பேலஸ் 500003, VAC 500081, கான்சுலேட் 500032. கட்டடப் பெயர்கள் குழப்பும். கடைசி மூன்று எண்ணைப் பார்த்தால் எந்த இடம் என்பது தெரிந்துவிடும். எந்த ஊராக இருந்தாலும் இரண்டு இடத்துக்கும் பின்கோடு எழுதி வைத்துக்கொண்டு, உங்களுக்கு யார் எந்த முகவரி அனுப்பினாலும் அதோடு ஒப்பிடுங்கள்.

போன பிறகு பார்த்துக்கொள்ளலாமே, ஸ்லாட் போடும் முன்பே எதற்கு என்று என் நண்பனே கேட்டான். இரண்டு காரணம்.

ஒன்று, மாற்றும் வாய்ப்பு குறைவு. 2025 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விசா அப்பாயின்ட்மென்ட்டை ஒரே ஒரு முறைதான் கூடுதல் கட்டணம் இல்லாமல் மாற்றலாம். இன்னொரு தடவை மாற்ற வேண்டும் என்றாலோ, அன்றைக்குப் போகாமல் விட்டாலோ, புதிதாகக் கட்டணம் கட்டிப் புதிதாக ஸ்லாட் போட வேண்டும். எஃப்-1 கட்டணம் 185 டாலர். காசைக்கூட விடுங்கள், ஜூன் மாதத்தில் இன்னொரு தேதி எங்கே கிடைக்கும்? 'முதலில் கிடைத்ததைப் போட்டு வைப்போம், பிறகு பார்க்கலாம்' என்கிற பழைய பழக்கம் இப்போது செல்லாது.

இரண்டாவது, ஸ்லாட் போடும் பக்கத்தில் இரண்டு இடத்தையும் தனித்தனியாகக் கேட்கிறது. `usvisascheduling.com` தளத்தில் கைரேகைக்கு `CHENNAI VAC`, `HYDERABAD VAC` என்ற பட்டியல்; இன்டர்வியூவுக்கு `CHENNAI`, `HYDERABAD` என்ற பட்டியல். இரண்டும் ஒரே ஊரில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கைரேகை இன்டர்வியூவுக்கு முந்தைய ஒரு நாளில் முடிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பட்டியலில் ஊர் பெயர்தான் இருக்கும், தெருப் பெயர் இருக்காது. இடம் தெரியாமல் நேரத்தைத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்று என் கணக்கைப் பாருங்கள்.

பிடிஎஃப்பை நம்பியிருந்தால் இரண்டு நாளும் பேகம்பேட், செகந்திராபாத்தில் லாட்ஜ், ரயில் காலையில் வந்து சேர்ந்ததும் பத்து மணிக்குக் கைரேகை, மறுநாள் முதல் ஸ்லாட்டில் இன்டர்வியூ. கேட்க அழகாக இருக்கிறது. உண்மையான இடங்களை வைத்துப் பார்த்தால் காலை பத்து மணிக்கு ஹைடெக் சிட்டி, ரயில் கொஞ்சம் தாமதமானால் போச்சு. மறுநாள் அதிகாலையில் செகந்திராபாத்திலிருந்து நகரின் மறுகோடியில் இருக்கிற நானக்ராம்குடாவுக்கு ஐடி கம்பெனிக்குப் போகிற கூட்டத்தோடு கூட்டமாகப் போக வேண்டும். அதனால் கைரேகையை மதியத்துக்கு மேல் எடுத்தேன், தங்குமிடத்தைக் கச்சிபௌலியில் பார்த்தேன். கைரேகையைச் சென்னையில் முடித்துவிட்டு இன்டர்வியூவுக்கு மட்டும் ஹைதராபாத் போகலாம் என்றும் யோசித்தேன்; சென்னைக்காரர்களுக்கு அதுதான் நல்லது. திருச்சியிலிருந்து எனக்கு அது வெறும் கூடுதல் பயணம்.

போகிறவர்களுக்காக வழி: செகந்திராபாத் ஈஸ்ட் மெட்ரோவில் நீல வழித்தடம் ஏறினால் நேராக ஹைடெக் சிட்டி. நடுவில் பேகம்பேட் நிலையம் வரும். பழைய முகவரியோடு வந்தவர் அங்கேதான் இறங்குவார். நீங்கள் உட்கார்ந்தே இருங்கள். மெட்ரோ அடுத்த நிலையமான ராய்துர்க்கோடு முடிந்துவிடுகிறது, கான்சுலேட் வரை போகாது. மறுநாள் ஆட்டோவோ கேப்போதான்.

VAC வாசலில் ஒரு பையன் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு செக்யூரிட்டியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான். அன்றைக்கு இன்டர்வியூ அவனுக்கு. தாளை வாங்கிப் பார்த்த செக்யூரிட்டி, இரண்டாவது முகவரி மேல் விரலை வைத்துக் காட்டினார். பையன் படி ஏறி ஓடினான். என்ன ஆனதோ தெரியாது. அந்த கன்ஃபர்மேஷன் தாளில் இரண்டு அப்பாயின்ட்மென்ட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே மாதிரி எழுத்தில் இருக்கின்றன. அவசரத்தில் மேலே இருப்பதைத்தான் கண் பிடிக்கும்.

எனவே என் பட்டியல்:

- தூதரகத்தின் .gov தளத்திலும், ஸ்லாட் போடும் தளத்திலும் இரு முகவரியையும் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால்தான் தேதியைத் தொடுங்கள்.
- ஸ்லாட் போட்டதும் வருகிற கன்ஃபர்மேஷன் தாளே கடைசி வார்த்தை. நான் எழுதிய முகவரி உள்பட வேறு எது முரண்பட்டாலும் தாளை நம்புங்கள்.
- அதை அச்சடித்து, கைரேகை, இன்டர்வியூ என்று பெரிதாகப் பேனாவில் எழுதுங்கள். உள்ளே போன் அனுமதி இல்லை, போனில் இருக்கிற முகவரி வாசலில் உதவாது.
- போவதற்கு முந்தைய நாள் தளத்தில் இடமாற்ற அறிவிப்பு இருக்கிறதா என்று இன்னொரு தடவை பாருங்கள்.
- முடிந்தால் முந்தைய நாள் மாலை இன்டர்வியூ வாசலை நேரில் பாருங்கள். நான் போய்ப் பார்த்தேன். தேவையில்லை என்பவர்கள் இருப்பார்கள், எனக்கு இது இல்லாமல் முடியாது.

இன்டர்வியூ பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஏன் இந்தப் பல்கலைக்கழகம், யார் பணம் கட்டுகிறார்கள், அப்பா என்ன வேலை. வரிசையில் நின்ற நேரத்தில் நூற்றில் ஒரு பங்குகூடப் பேசவில்லை.

கடைசியாக மூன்றாவது முகவரி ஒன்று இருக்கிறது: பாஸ்போர்ட் திரும்ப வாங்கும் இடம். இதையும் ஸ்லாட் போடும் தளத்தில் உங்கள் கணக்கிலேயே நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், இன்டர்வியூ நடந்த ஊராகவே இருக்க வேண்டியதில்லை. இன்டர்வியூ ஹைதராபாத் என்பதற்காக அதையே விட்டுவைத்தால் மறுபடி ரயில் ஏற வேண்டியதுதான். இன்டர்வியூவுக்கு முன்பே உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற மையத்துக்கு மாற்றிவிடுங்கள். நான் சென்னை போட்டிருந்தேன். முன்பு நமக்குப் பதில் வீட்டிலிருந்து யாராவது போகலாம் என்று இருந்தது; 2025 ஆகஸ்ட் 1 முதல் அது இல்லை, மையத்தில் வாங்குவதானால் நீங்களே போக வேண்டும். என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்பது தளத்தில் இருக்கிறது. அங்கேயும் முகவரியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். என்னோடு வந்த அப்பா நேராக ஜெமினிக்குக் கிளம்பப் பார்த்தார்.