சனிக்கிழமை காலை 10 மணி: குழந்தையைப் பார்க்கும் உத்தரவு

ஜூன் 3, 2024
ஒரு மாதிரி வழக்கை வைத்தே இந்த மாதக் குறிப்புகளை எழுதுகிறேன். அம்மா நான்கு வயதுப் பையனோடு ஓராண்டாகத் திருநெல்வேலியில் பிறந்த வீட்டில் இருக்கிறார். அப்பாவுக்குச் சென்னையில் வேலை. பையனைத் தன் பொறுப்பில் கேட்டு அவர் மனு போட வேண்டிய ஊர் திருநெல்வேலி. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம், 9ஆம் பிரிவு, குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்தைத்தான் பார்க்கிறது. சென்னையில் போட்டால் அந்த ஆட்சேபத்திலேயே வாய்தா மேல் வாய்தாவாக மாதங்கள் கரையும்.

ஜூன் 7
ஐந்து வயதுக்குள் என்றால் அம்மாவிடம்தான் என்பார்கள். 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் சட்டம், 6ஆம் பிரிவு, ‘சாதாரணமாக’ தாயிடம் என்றுதான் சொல்கிறது. 13ஆம் பிரிவு குழந்தையின் நலனை எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறது. அதனால் ஐந்து முடிந்த மறுநாளே பையன் அப்பாவிடம் போய்விடுவதில்லை. காய்ச்சல் வந்தால் யார் லீவு போடுகிறார்கள், பள்ளி விட்டதும் யார் கையில் இருக்கிறான், மற்றவரைப் பார்க்க விடுகிறார்களா என்பவைதான் எடைபோடப்படும். சம்பளம் அதிகம் என்பது மட்டும் வழக்கை வெல்லாது.

ஜூன் 14
இங்கே அப்பாவுக்குப் பெரும்பாலும் கிடைப்பது பார்க்கும் உரிமை. ‘நியாயமான நேரங்களில் பார்க்கலாம்’ என்று மட்டும் உத்தரவு வந்தால் ஒவ்வொரு வாரமும் சண்டைதான். மனுவிலேயே இப்படிக் கேட்க வேண்டும்: முதல் இரண்டு மாதம், இரண்டாம் நான்காம் சனிக்கிழமை காலை 10 முதல் 12 வரை, நீதிமன்ற வளாகத்தில், அம்மா அருகில் இருக்க. ஓராண்டு பார்க்காத முகத்தோடு குழந்தை பழக அவ்வளவு நாளாகும். பிறகு மாலை 5 வரை வெளியே. இரவுத் தங்கல் அதற்கும் பிறகு. புதன் இரவு 7 மணிக்குக் கால் மணி நேரம் வீடியோ அழைப்பு. நேரில் வர முடியாதவருக்கு இது உண்டென்று 2020இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. குழந்தையை யார், எங்கே ஒப்படைப்பது என்பதும் வேண்டும்; வீட்டு வாசல் வேண்டாம், தாத்தா பாட்டியோடு வாக்குவாதம் தொடங்குவது அங்கேதான். காய்ச்சலென்றால் மருத்துவர் சீட்டு, அடுத்த சனிக்கிழமை ஈடு. இந்த ஒரு வரி இல்லாததால்தான் பல உத்தரவுகள் முதல் மழைக்காலத்திலேயே படுத்துவிடுகின்றன.

ஜூன் 21
அம்மா அழைத்து வரவில்லையென்றால் ஜீவனாம்சத்தை நிறுத்தக் கூடாது. பணம் வரவில்லையென்று அம்மாவும் பையனைத் தடுக்கக் கூடாது. இரண்டும் தனித்தனி. தேதி, காத்திருந்த நேரம், அனுப்பிய செய்தி மூன்றையும் குறித்து வைத்து அதே நீதிமன்றத்தில் நிறைவேற்று மனு போட வேண்டும். மாலை 5க்குத் திருப்பி விடாமல் வைத்துக்கொள்ளும் அப்பா, தன் வழக்கைத் தானே கெடுத்துக்கொள்கிறார்.

ஜூன் 28
நீதிபதி தன் அறையில் குழந்தையோடு பேசலாம். நான்கு வயதில் அந்தப் பதிலுக்கு எடை குறைவு. விவரம் தெரிந்த வயதில் கூடும். ‘அப்பா ஜீவனாம்சம் தரல’ என்று ஒரு குழந்தை சொன்னால் அது யாருடைய சொல் என்று நீதிபதிக்குத் தெரியும். இந்த உத்தரவுகள் இறுதியானவையும் அல்ல. பையன் ஒன்றாம் வகுப்பு சேர்ந்து சனிக்கிழமையும் பள்ளி வைத்தால், ஞாயிறுக்கு மாற்றச் சொல்லி மனு போடலாம்.