ஃப்ரீஸ் காலத்தில் காத்திருக்கும் புல் ரிக்வெஸ்ட்டுகள்: கடிகாரத்தை எங்கே நிறுத்துவது?

ரிவியூ முடிந்து, சோதனைகள் எல்லாம் தேறிய புல் ரிக்வெஸ்ட் ஒன்று 24 மணி நேரத்துக்கு மேல் மெர்ஜ் ஆகாமல் கிடந்தால் எங்கள் கண்காணிப்பு அலர்ட் அனுப்பும். சாதாரண நாட்களில் நல்ல விதிதான். ஆனால் வெளியீட்டுக்கு முன் முதன்மைக் கிளையில் மெர்ஜ் ஃப்ரீஸ் தொடங்கிவிட்டால், மெர்ஜ் ஆகக் கூடாது என்று நாங்களே நிறுத்தி வைத்தவற்றுக்கும் அலர்ட் வந்து குவியும். இரண்டாம் நாளுக்குள் அந்தச் செய்திகளை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

குழுவில் முதலில் எடுத்த முடிவு, ஃப்ரீஸ் முடியும்வரை அலர்ட்டையே அணைத்துவிடுவது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். வெளியீட்டுக்கே தேவையான ஒரு திருத்தத்துக்கு விதிவிலக்கு கொடுத்திருந்தார்கள். அதே கோப்பில் வேறொரு மாற்றம் முன்னதாக உள்ளே போய்விட்டதால் அது மோதலில் சிக்கி நின்றது. அலர்ட் அணைந்திருந்ததால் வெளியீட்டு நாள் காலை வரை யாருக்கும் தெரியவில்லை. ஃப்ரீஸ் காலத்தில் மிக அவசரமானவை இந்த விதிவிலக்குகளே. அவற்றைக் கவனிக்காத கண்காணிப்பு எதற்கு?

அதன்பிறகுதான் காத்திருப்பு என்று ஒரே பெயரில் நாங்கள் அளந்ததைப் பிரித்துப் பார்த்தோம். ரிவியூ செய்பவருக்காகக் காத்திருப்பது, தோற்ற சோதனையைச் சரிசெய்யக் காத்திருப்பது, மோதலைத் தீர்க்கக் காத்திருப்பது ஆகிய மூன்றுக்கும் ஃப்ரீஸ் ஒரு தடையே அல்ல. உண்மையில் ரிவியூவை முடிக்க நல்ல நேரம் அதுதான். ஆகவே அந்தக் கடிகாரங்கள் வழக்கம்போல ஓடுகின்றன. எல்லாம் தயாராகி, மெர்ஜ் மட்டுமே பாக்கி என்ற நிலையில் இருப்பவற்றுக்கு மட்டும் கடிகாரம் நிற்கிறது. விதிவிலக்கு லேபிள் உள்ளவற்றுக்கு அது நிற்பதில்லை. வரம்பும் 24 மணியிலிருந்து 4 மணியாகச் சுருங்குகிறது. ஃப்ரீஸ் இல்லாத கிளைகளை நோக்கியவற்றுக்கும் எந்த மாற்றமும் இல்லை.

கணக்கு எளிது:

```
wait = (now - ready_at) - overlap(freezes, ready_at, now)
```

`ready_at` என்பது கடைசி நிபந்தனை நிறைவேறிய நேரம். புல் ரிக்வெஸ்ட் திறக்கப்பட்ட நேரத்தை அங்கே வைத்தால் கணக்கே பிசகிவிடும். புதன் மாலை 3 மணிக்கு ஒன்று தயாராகிறது, 5 மணிக்கு ஃப்ரீஸ் தொடங்குகிறது, திங்கள் காலை 10 மணிக்கு நீங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். திங்கள் 10 மணிக்கு அதன் வயது 115 மணி நேரம். அதில் 113 மணி நேரம் ஃப்ரீஸ். மிச்சம் 2 மணி நேரம்தான். அதன் பிறகும் மெர்ஜ் ஆகாவிட்டால் செவ்வாய் காலை 8 மணிக்கு அலர்ட் வரும். அந்த அலர்ட்டுக்கு ஒரு பொருள் இருக்கிறது.

ஃப்ரீஸ் நடப்பில் இருக்கிறதா என்பதை எங்கிருந்து அறிவது என்பதில் நீண்ட விவாதம் நடந்தது. நாட்காட்டியில் குறித்த தேதியை நம்பலாம் என்றார்கள் சிலர். நான் கடுமையாக எதிர்த்தேன். வெளியீடு தள்ளிப்போனால் ஃப்ரீஸும் நீளும். நாட்காட்டியைத் திருத்த யாருக்கும் நினைவிருக்காது. மெர்ஜைத் தடுப்பது எதுவோ அதையே கண்காணிப்பும் படிக்க வேண்டும். எங்களிடம் அது கட்டாயச் சோதனையாக வைக்கப்பட்ட `merge-freeze` என்ற நிலைக்குறி. அது மாறும் ஒவ்வொரு முறையும் தொடக்க, முடிவு நேரங்களைப் பதிந்து வைக்கிறோம். மேலே உள்ள `freezes` அந்தப் பதிவுதான்.

ஃப்ரீஸ் நீங்கும் நாள் தனிச் சிக்கல். காத்திருந்தவற்றின் பச்சைக் குறிகள் பழைய அடிப்படையில் ஓடிய சோதனைகளுடையவை. ஒவ்வொன்றாக மெர்ஜ் ஆகும்போது மற்றவற்றின் அடிப்படை நகர்ந்துகொண்டே போகும். அதனால் மெர்ஜ் வரிசை வைத்து, ஒவ்வொன்றையும் புதிய அடிப்படையில் மறுபடி சோதித்த பிறகே உள்ளே விடுகிறோம். ஒரு சோதனை ஓட்டம் 25 நிமிடம் என்றால், ஒன்றன்பின் ஒன்றாக 40 புல் ரிக்வெஸ்ட்டுகள் உள்ளே போக 16 மணி நேரத்துக்கு மேலாகும். ஆகவே வரிசைக்குள் வந்துவிட்டவற்றுக்குத் தனித்தனி அலர்ட் கிடையாது. வரிசை நகர்கிறதா என்பதைத்தான் பார்க்கிறோம். முதலில் நிற்பது ஒரு மணி நேரம் அசையாவிட்டால் ஒரே ஓர் அலர்ட்.

பழைய புல் ரிக்வெஸ்ட்டுகளைத் தானாக மூடும் நிரல் இருந்தால் அதையும் மறக்க வேண்டாம். அது கடைசி அசைவின் தேதியைப் பார்க்கிறது. ஃப்ரீஸைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. `actions/stale` பயன்படுத்துவோர் ஃப்ரீஸால் காத்திருப்பவற்றுக்கு ஒரு லேபிள் இட்டு, அந்த லேபிளை `exempt-pr-labels` என்ற அமைப்பில் சேர்த்துவிடலாம்.

கடைசியாகச் சேர்த்த அலர்ட் ஃப்ரீஸின் மீதே வைத்தது. கடிகாரங்களை நிறுத்திய பிறகு, யாராவது ஃப்ரீஸை நீக்க மறந்துவிட்டால் எல்லாமே அமைதியாகத்தான் இருக்கும். ஆகவே ஒவ்வொரு ஃப்ரீஸுக்கும் ஒரு பொறுப்பாளரும் எதிர்பார்க்கும் முடிவு நேரமும் கட்டாயம். அந்த நேரம் கடந்து 2 மணி ஆகியும் நிலைக்குறி மாறாவிட்டால் செய்தி அவருக்குப் போகிறது. அவர் ஃப்ரீஸை நீக்க வேண்டும், அல்லது புதிய முடிவு நேரத்தைக் காரணத்துடன் பதிய வேண்டும்.