ரெண்டு இன்டர்செப்ட்டும் ஒண்ணா வந்தா போதுமா?

பன்னெண்டாம் கிளாஸ் லேப்ல குழியாடி ப்ராக்டிகல் நடத்துறப்போ நான் முதல்ல பாக்குறது, பொருள் தூரம் u-வோட 1/u-வை x அச்சுலயும் பிம்பத் தூரம் v-யோட 1/v-யை y அச்சுலயும் போட்ட கிராஃப்ல கோடு ரெண்டு அச்சையும் எங்க வெட்டுதுன்னுதான். ஏன்னா குவியத் தூரம் f-னா 1/u + 1/v = 1/f (எல்லாமே நிஜ பிம்பம், தூரத்தை மட்டும்தான் எடுத்துக்கிறோம்), 1/u பூஜ்ஜியமானா 1/v-தான் 1/f, மறுபக்கமும் அதே கதை, ஆக ரெண்டு இன்டர்செப்ட்டும் ஒரே எண்ணா வரணும்.

f 15 செ.மீ. இருக்குற ஆடிக்கு u 20-னா v 60, 30-க்கு 30, 50-க்கு 21.4. இதைப் போட்டா கோடு ரெண்டு பக்கமும் 0.0667-ல வெட்டும். நிறைய பசங்க ஷீட் நிறையணும்னு அச்சை 0.01-லருந்து ஆரம்பிச்சிடுறாங்க, அப்போ வெட்டுற இடம் 0.0567-ன்னு தெரியும், f 17.6 ஆயிடும். அது இன்டர்செப்ட்டே இல்ல, ரெண்டு அச்சும் பூஜ்ஜியத்துல சந்திச்சாதான் கணக்கு.

ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்சது இன்னொரு கேஸ். ஒரு பொண்ணுக்கு y பக்கம் 0.0677, x பக்கம் 0.0632 வந்துச்சு, அதாவது f ஒரு பக்கம் 14.8, இன்னொரு பக்கம் 15.8. புள்ளியெல்லாம் கோட்டுலயே அழகா உக்காந்திருக்கு. "ஆவரேஜ் எடுத்துடவா மிஸ்?"னு கேட்டா. வேணாம்மா, இந்த வித்தியாசம்தான் தப்பு எங்கன்னு சொல்லுதுன்னு சொல்லி, 15 செ.மீ. நிட்டிங் ஊசியை ஆடியோட நடுவுக்கும் பொருள் ஊசியோட முனைக்கும் நடுவுல கிடையா வெச்சுப் பாக்கச் சொன்னேன். பெஞ்ச் ஸ்கேல் 16 காட்டுச்சு. பிம்ப ஊசிக்கு அதே மாதிரி பாத்தா சரியா 15. பொருள் ஊசி ஸ்டாண்டுல முனை ஒரு பக்கம், ரீடிங் எடுக்குற கோடு ஒரு பக்கம்னு இருந்திருக்கு. எல்லா u-லயும் 1 கழிச்சு திரும்பப் போட்டதும் ரெண்டு பக்கமும் 0.0667-க்கு வந்துடுச்சு.

இதைவிட மோசமானது ஆடி ஸ்டாண்டே 1 செ.மீ. தள்ளி இருக்குறது. அப்போ u, v ரெண்டுமே ஒரே அளவு கூடிடும், கிராஃப் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி நகரும், இன்டர்செப்ட் ரெண்டும் சுமார் 0.064-ல ஒத்துப்போகும், ஆனா f 15.6-ன்னு வரும். கிராஃபை எவ்வளவு நேரம் பாத்தாலும் இந்தத் தப்பு தெரியாது. அதனாலதான் ஆரம்பத்துலயே ஜன்னலுக்கு வெளிய இருக்குற மரத்தோட பிம்பத்தை பேப்பர்ல பிடிச்சு, பெஞ்சைத் தொடாம கை ஸ்கேலால அளந்து ரெக்கார்டுல எழுத வைக்கிறேன். அது கிட்டத்தட்ட 15, கிராஃப்ல 15.6-ன்னா, இன்டர்செப்ட் ரெண்டும் ஒத்துப்போனாலும் நிட்டிங் ஊசியை எடுன்னுதான் சொல்லுவேன்.