பட்டன் இருக்கு, வயசு?

பழைய கார் வாங்க வருபவர்கள் டயரைக் காலால் ஒரு தட்டு தட்டி, "பட்டன் நல்லா இருக்கே" என்பார்கள். தரையில் படும் பக்கத்தில் இருக்கும் ரப்பர் கட்டைகளைத்தான் பட்டன் என்பது. அதோடு டயர் சோதனை முடிந்துவிடும். நானும் பல வருஷம் அதைத் தலையாட்டி ஏற்றுக்கொண்டுதான் வண்டி விற்றேன். இப்போதெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறேன்.

போன மாதம் ஒரு 2018 மாடல் சின்ன காருக்கு எழுதியது இது:

"பின் டயர் இரண்டும் 1422. பட்டன் ஆழம் 5 மி.மீ. வலது பின் டயரில் ஆணி ஏறி ஒரு பஞ்சர் போட்டிருக்கிறது, நடுப்பகுதியில், காற்று இறங்கவில்லை. முன் டயர்களும் 1422தான். ஆனால் இடது முன் டயர் வெளி ஓரம் 5, உள் ஓரம் 2 மி.மீ. பள்ளத்தில் விழுந்து லோயர் ஆர்ம் வளைந்து, மாற்றியிருக்கிறார்கள். அதன் பிறகு அலைன்மென்ட் பார்க்காமலே ஓட்டியதால் வந்த தேய்மானம். அலைன்மென்ட் இப்போது நான் பார்த்துவிட்டேன். ஸ்டெப்னி 2718."

வாங்க வந்த தம்பிக்கு எண்கள் புரியவில்லை. டயரின் பக்கவாட்டில் ஒரு சின்ன கட்டத்துக்குள் இருக்கும் நாலு எண்ணைக் காட்டினேன். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 1422 என்றால் 2022 ஏப்ரல் வாக்கில் வந்த டயர். உள் ஓரத் தேய்மானத்தை நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்துக் குனிந்து, கையை உள்ளே விட்டுத் தடவச் சொன்னேன். சட்டப்படி 1.6 மி.மீ. வரை ஓட்டலாம். ஆனால் 2 மி.மீ.யில் மழைத் தண்ணீரை வெளியே தள்ள பள்ளம் போதாது, வண்டி மிதக்கும்.

"அண்ணே, ஸ்டெப்னி ஓடவே இல்ல போலிருக்கே, அதை முன்னாடி மாட்டிடலாமே?" என்றான். எல்லாரும் கேட்பதுதான். டிக்கியில் கிடந்த அந்த டயரை வெளியே எடுத்து வெயிலில் வைத்தேன். பட்டன் புதுசு மாதிரியே இருந்தது. பக்கவாட்டை இரண்டு கட்டைவிரலால் அழுத்தி விரித்ததும் ரிம் ஓரமாக மயிரிழை வெடிப்புகள் தெரிந்தன. ஓடாவிட்டாலும் ரப்பர் இறுகத்தான் செய்யும். பஞ்சர் கடை வரை போக அது போதும், பைபாஸில் ஓட்ட ஆகாது.

முன்னால் ஜோடியாக இரண்டும் மாற்றச் சொல்லி, விலையில் எட்டாயிரம் குறைத்தேன். என் பங்காளிக்கு முகம் சுருங்கியது. சரி, அது வேறு கதை.

சாயங்காலம் டயர் கடையிலிருந்து அந்தத் தம்பி போன் பண்ணினான். "அண்ணே, புது டயர்னு சொல்லிக் கொடுக்கிறாங்க, ஆனா நாலு எண்ணைப் பார்த்தா ரெண்டு வருஷம் முன்னாடி வந்ததா இருக்கு. வேற எடுக்கச் சொல்லட்டுமா?"