உயிலில் என் பெயர் இருந்தும் எக்ஸிகியூட்டர் பொறுப்பை ஏற்க மறுத்தேன்

பெரியப்பா தன் உயிலில் என்னை எக்ஸிகியூட்டராகப் போட்டிருந்தார். கடன்களை அடைத்து, வரவேண்டியதை வசூலித்து, மிச்சத்தை அவர் எழுதியபடி பிரித்துக் கொடுக்கும் வேலை. வீட்டை விற்பதா வைத்துக்கொள்வதா என்பதில் அண்ணனும் அக்காவும் முகம் கொடுத்துப் பேசுவதையே நிறுத்தியிருந்தார்கள், நடுவில் நான் கணக்கு காட்டிக்கொண்டிருந்தால் இரண்டு பேருமே எனக்கு இல்லாமல் போய்விடுவார்கள் என்று பயந்தேன்.

வக்கீலிடம் சொன்னபோது அவர் காரணம் கேட்கவில்லை. "சொத்தில் இதுவரை எதிலாவது கை வைத்தீர்களா?" என்றுதான் கேட்டார். விஷயமே அதில்தான் இருக்கிறது. பொறுப்பைத் தொடங்குவதற்கு முன்னால் மறுப்பது எளிது. எக்ஸிகியூட்டர் என்ற முறையில் பாக்கியை வசூலித்தோ பொருளை விற்றோ விட்டால், பொறுப்பை ஏற்றதாகவே கொள்வார்கள், அப்புறம் விலக நீதிமன்றத்தின் அனுமதி தேவைப்படும். ஈமக்காரியம் செய்ததும் வீட்டைப் பத்திரமாகப் பூட்டி வைத்ததும் பொதுவாக இதில் சேராது. நான் செய்தது அவ்வளவுதான். மாடியில் குடியிருப்பவர் வாடகைக் கவரை நீட்டியபோது வாங்காமல், "வக்கீல் சொல்கிற வரை நீங்களே வைத்திருங்கள்" என்று சொல்லியிருந்தேன். அதை வாங்கியிருந்தால் சிக்கல்தான்.

வக்கீலுக்கு எழுதியது நாலே வரி: "இந்த உயிலில் எக்ஸிகியூட்டராக நியமிக்கப்பட்டுள்ள நான் அப்பொறுப்பை ஏற்க மறுக்கிறேன். காலமானவரின் சொத்தை எவ்வகையிலும் நிர்வகிக்கவில்லை. உயிலின் அசலையும் வீட்டுச் சாவியையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை தரவும்." இந்தக் கடிதம் மட்டும் போதாது. அவர் தயாரித்த முறையான மறுப்புப் பத்திரத்தில் சாட்சி முன்னிலையில் கையெழுத்துப் போட்டேன், அது நீதிமன்றத்தில் தாக்கலானது.

வீட்டாருக்கு எழுதியதுதான் கஷ்டமாக இருந்தது. அண்ணனுக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று என்று எழுதாமல் ஒரே கடிதத்தை இருவருக்கும் ஒரே நாளில் அனுப்பினேன், யாரிடம் முதலில் சொன்னேன் என்ற பேச்சு வரக்கூடாது பாருங்கள். யார் பக்கம் நியாயம் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. "பெரியப்பா என்மேல் வைத்த நம்பிக்கையை மதிக்கிறேன். உங்கள் இருவருக்கும் உறவாகவே இருக்க விரும்புகிறேன், அதனால் இந்தப் பொறுப்பை ஏற்கவில்லை. உயில் அப்படியேதான் இருக்கிறது, உங்கள் பங்கு மாறாது" என்று எழுதினேன். கடைசி வரி அவசியம், ஏனென்றால் நான் விலகினால் உயிலே செல்லாது என்று அக்கா நினைத்திருந்தார்.

அண்ணன் உடனே போன் செய்தார். "பேங்க் வேலையை மட்டுமாவது நீ பாரேன்" என்றார். பாதியை ஏற்று பாதியை மறுக்க வழியில்லை என்று விளக்கினேன். உயிலில் மாற்று எக்ஸிகியூட்டர் பெயர் இருந்திருந்தால் பொறுப்பு அவருக்குப் போயிருக்கும். இல்லாததால், உயிலை இணைத்து நிர்வாக அதிகாரம் கேட்டு அக்கா மனு போட்டிருக்கிறார், அண்ணன் சம்மதக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.