ஸ்கிராப் ஆன பீஸைப் போட்டோ எடுத்துப் போட்டோம்

கோவை கணபதி பக்கம் ஒரு சிஎன்சி பட்டறையில் ஆபிஸ் வேலை பார்க்கிறேன். சம்பளப் பட்டியல், பிஎஃப், ஈஎஸ்ஐ, ஆள் எடுப்பது எல்லாம் என் மேஜைதான். முப்பது பேருக்குள் இருக்கும் கம்பெனி. புதிதாக, உலோகத்தைக் குடைந்து வடிவம் கொடுக்கும் விஎம்சி மெஷின் இரண்டு வாங்கியபோது, டூல் மாட்டி அளவு வைக்கும் செட்டரும் புரோகிராமரும் உடனே தேவைப்பட்டார்கள். மெஷின் லோனுக்குத் தவணை ஓடுகிறது, ஓட்ட ஆள் இல்லை. அந்த நிலைமையில்தான் எங்கள் பட்டறை எப்படிப்பட்டது என்று வெளியே காட்டும் பதிவுகளை எழுத ஆரம்பித்தோம்.

அதற்கு முன்னால் எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். 'ஆட்கள் தேவை, தகுந்த சம்பளம்' என்று வாட்ஸ்அப் குரூப்களில் போட்டால் போன் வந்துகொண்டே இருக்கும். பெரும்பாலும் படிப்பு முடித்துவிட்டு முதல் வேலை தேடும் பிள்ளைகள். ஐந்து வருடம் வேலை தெரிந்தவர் அந்த மாதிரி விளம்பரத்தைப் பார்த்துக் கூப்பிடுவதில்லை. அவருக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. பிறகு முதலாளி ஆயுத பூஜை, பிறந்தநாள் கேக், தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் படங்களைப் போடச் சொன்னார். லைக் நிறைய வந்தது, யாரிடமிருந்து என்று பார்த்தால் டூல் விற்கும் ஏஜென்ட்களும் முதலாளியின் சொந்தக்காரர்களும்.

எங்களிடம் கடைசியாகச் சேர்ந்த செட்டர் தம்பியிடம், சேர்வதற்கு முன் எங்களைப் பற்றி என்ன விசாரித்தாய் என்று கேட்டேன். "எதிர்த்த டீக்கடையில கேட்டேங்க்கா" என்றான். என்ன கேட்டாய் என்றேன். சம்பளம் எத்தனாம் தேதி விழும், பீஸ் வீணானால் யார் தலையில் கட்டுவார்கள், டூல் முனையில் வெட்டும் இன்சர்ட் தேய்ந்தால் புதுசு கொடுப்பார்களா இல்லை அதிலேயே ஓட்டச் சொல்வார்களா, இரவு எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகலாம். கேக் வெட்டுவார்களா என்று அவன் கேட்கவில்லை. அந்த நான்கு கேள்வியைத் தாளில் எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். ஒரு பதிவுக்கு ஒரு கேள்வி என்று முடிவானது.

பீஸ் வீணாவதைப் பற்றிய பதிவு அதில் முக்கியமானது, விரிவாகச் சொல்கிறேன். அலுமினிய ஹவுசிங் ஒன்று, அதில் 42 எச்7 போர். அதாவது துளையின் விட்டம் 42.000 முதல் 42.025 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். ஆப்பரேட்டர் அளந்தபோது 41.995 இருந்தது. இன்னும் 20 மைக்ரான் எடுத்தால் நடுவில் நிற்கும் என்று, துளையைக் குடையும் போரிங் ஹெட்டின் டயலில் 0.02 திருப்பினார். கணக்கு சரிதான். ஆனால் அவர் பழகிய ஹெட்டில் டயல் கோடு விட்டத்தைக் காட்டும். அன்று மாட்டியிருந்த ஹெட்டில் கோடு ஆரத்துக்கு. 0.02 திருப்பினால் விட்டம் 0.04 கூடிவிடும். துளை 42.035 ஆனது, 10 மைக்ரான் பெரிதாகி பீஸ் வீண். சிறிதாக இருந்தால் இன்னொரு தரம் ஓட்டிச் சரிசெய்யலாம். பெரிதான துளையை என்ன செய்வது?

அன்று பட்டறையில் நடந்தது இதுதான்: சீனியர் செட்டர் வந்து பார்த்தார், இரண்டு ஹெட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார், ஒன்றில் 'விட்டம்' என்றும் மற்றதில் 'ஆரம்' என்றும் பெயின்டில் எழுதினார். பீஸ் சிவப்புப் பெட்டிக்குப் போனது, ரிஜெக்‌ஷன் ரிஜிஸ்டரில் ஒரு வரி ஏறியது. ஆப்பரேட்டர் சம்பளத்தில் கை வைக்கவில்லை. எங்கள் பட்டறை வழக்கமே அதுதான். இதை அப்படியே, பெயின்ட் அடித்த ஹெட்களின் படத்தோடு போடலாம் என்றேன்.

முதலாளிக்குப் பிடிக்கவில்லை. "வீணாப் போன பீஸை ஊருக்குக் காட்டினா கஸ்டமர் என்ன நினைப்பான்?" நியாயமான பயம். வாடிக்கையாளரின் பார்ட் பெயர், டிராயிங் எண் எதுவும் தெரியக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அதனால் ஹவுசிங்கின் வடிவம் தெரியாமல், துளையின் விளிம்பும் ஹெட்டும் மட்டும் தெரியும்படி எடுத்தோம். பின்னால் இருந்த கண்ட்ரோல் திரையில் புரோகிராம் பெயர் தெரிந்ததால் அந்தப் படத்தை எடுத்துவிட்டு வேறு கோணத்தில் எடுத்தோம். ஆப்பரேட்டரிடம் கேட்டோம். பெயர் வேண்டாம், கை மட்டும் தெரியட்டும் என்றார். அப்படியும் ஒரு வாடிக்கையாளரின் தரப் பொறியாளர் கண்ணில் பட்டு, போன் செய்துவிட்டார். இது எங்கள் லாட்டா, அந்தப் பீஸ் எங்களுக்கு வந்துவிட்டதா என்று கேட்டார். ரிஜிஸ்டர் பக்கத்தையும் சிவப்புப் பெட்டியையும் படமெடுத்து அனுப்பிய பிறகு சரி என்றார். ரிஜிஸ்டர் ஒழுங்காக இல்லாத பட்டறை இப்படிப் பதிவு போட்டால் வம்புதான்.

அந்தப் பதிவுக்கு லைக் குறைவு. ஆனால் அதற்குப் பிறகு வந்த போன்களின் தன்மை மாறியது. முன்பெல்லாம் "ரூம் இருக்குங்களா, சாப்பாடு இருக்குங்களா" என்று கேட்பார்கள். இப்போது "மெஷின் என்ன கண்ட்ரோல், ஃபனுக்கா? கேம் சாஃப்ட்வேர் எது? டூல் பிரீசெட்டர் இருக்கா?" என்று கேட்டார்கள். வேலை தெரிந்தவர் கேட்கும் கேள்விகள். போன் வரும் நோட்டில் 'எதைப் பார்த்துக் கூப்பிட்டார்' என்று ஒரு கட்டம் போட்டிருந்தேன். லைக் எண்ணிக்கையைவிட எனக்கு உதவியது அந்தக் கட்டம்தான்.

நேரம் பற்றிய பதிவில் வேறு சிக்கல். பொது ஷிப்ட் காலை 8.30 முதல் 5 வரை என்று எழுதி, டீ நேரத்தில் கீழே போய்ப் படித்துக் காட்டினேன். பதிவு எதுவானாலும் வெளியே போகும் முன் கீழே மூன்று பேருக்காவது படித்துக் காட்டுவது அதற்குள் வழக்கமாகியிருந்தது. யாராவது சிரித்தால் அந்த வரி போகும். '5 மணிக்கு வீடு' என்ற இடத்தில் எல்லோருமே சிரித்தார்கள். "மாசக் கடைசில டெஸ்பாட்ச் வாரத்துல அஞ்சு மணிக்கு யாருங்க்கா போனது?" உண்மைதான். அந்த வாரத்தில் எட்டு, ஒன்பது ஆகும் என்று மாற்றி எழுதி, ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் போட்ட சீட்டைப் பெயர் மறைத்து வைத்தோம். ஓவர்டைமுக்கு இரட்டிப்பு என்பது சட்டம்தான், அதில் நாங்கள் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் சின்னப் பட்டறைகளில் நடப்பு எப்படி என்று வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். அதனால் அந்தச் சீட்டை நிறைய பேர் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார்கள்.

படங்களையும் அப்படித்தான் பார்க்கிறார்கள். நாம் சிரிக்கும் முகத்தைக் காட்ட எடுத்த படத்தில் செட்டர் பார்ப்பது பின்னால் இருக்கும் டிராலியை. ஒருவர் நேரில் வந்து உட்கார்ந்ததும், "உங்க ரெண்டாவது போட்டோல பிடி40 ஹோல்டரெல்லாம் ஸ்டாண்ட்ல வரிசையா நின்னுதே, அது தினமும் அப்படியா, போட்டோவுக்காகவா?" என்றார். வாங்க, கீழே போய்ப் பாருங்கள் என்றேன். அவரை எங்கள் செட்டர் தம்பியோடு தனியாக விட்டுவிட்டு நான் மேலே வந்துவிட்டேன். டீக்கடையில் கேட்பதை உள்ளேயே கேட்டுக்கொள்ளட்டும். அவர்தான் இப்போது எங்கள் இரண்டாவது ஷிப்ட் செட்டர். இன்னொருவர் சுற்றிப் பார்த்துவிட்டு, பீஸை அளந்து பார்க்கும் சிஎம்எம் மெஷின் இல்லாத இடத்துக்கு வர மனசில்லை என்று சொல்லிப் போய்விட்டார். அதில் வருத்தமில்லை, சேர்ந்து ஒரு மாதம் கழித்துப் போவதற்கு இது மேல்.

சம்பளத்தைப் போட்டதுதான் எல்லாவற்றிலும் செலவு வைத்த வேலை. செட்டர் கம் புரோகிராமருக்கு 28,000 முதல் 35,000 வரை என்று எழுதி முதலாளியிடம் காட்டும் முன், பட்டியலை எடுத்துப் பார்த்தேன். எட்டு வருடமாக இருக்கும் எங்கள் சீனியர் செட்டர் வாங்குவது 27,000. போர்டை வெளியே மாட்டினால் உள்ளே இருப்பவரும் படிப்பார் அல்லவா? முதலாளி இரண்டு நாள் பேசாமல் இருந்தார், அப்புறம் சீனியர் செட்டரின் சம்பளத்தை முதலில் உயர்த்திவிட்டுப் போடச் சொன்னார். அவருக்குக் கீழே இருந்த இருவருக்கும் கொஞ்சம் ஏற்ற வேண்டியிருந்தது. சம்பளம் எவ்வளவு என்று வெளிப்படையாகப் போட நினைப்பவர்கள் முதலில் தங்கள் பட்டியலைப் பார்த்துக்கொள்வது நல்லது.

எங்கே போடுவது என்பதில் பெரிய ரகசியமில்லை. குவாலிட்டி ஆட்களும் புரோகிராமர்களும் லிங்க்டின் பார்க்கிறார்கள். அங்கேயும் கம்பெனி பக்கத்தைவிட முதலாளி தன் சொந்தப் பக்கத்தில் போட்டதற்குத்தான் எங்களுக்கு ஆட்கள் பதில் எழுதினார்கள். செட்டர்கள் வந்ததெல்லாம் எங்கள் ஆட்களின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வழியாக. அதை வைக்கும்படி யாரையும் கேட்க மாட்டேன். பதிவைக் குரூப்பில் போடுவேன், விருப்பப்பட்டவர் வைத்துக்கொள்வார். யாருமே வைக்காத பதிவும் உண்டு. முதலாளி தன் கையால் எழுதிய 'நாங்கள் ஒரே குடும்பம்' அதில் ஒன்று.

பெயர் போடுவதை நிறுத்தியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கும் பெண், துளை அளக்கும் போர் கேஜை எப்படி செட் செய்கிறாள் என்று படத்தோடும் பெயரோடும் ஒரு பதிவு வந்தது. அந்த வாரமே பக்கத்து ஏரியா கம்பெனி ஒன்றிலிருந்து அவளுக்கு அழைப்பு. அவளே வந்து சொன்னாள். சம்பளம் உயர்த்தித்தான் நிறுத்திக்கொண்டோம். அவளுக்கு வர வேண்டிய பணம்தான் அது, கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டது.

இவ்வளவுக்கும் பிறகு ஃபைவ் ஆக்சிஸ் தெரிந்த புரோகிராமர் எங்களுக்குக் கிடைக்கவில்லை. கேட்கும் சம்பளம் எங்கள் கைக்கு எட்டாது, எந்தப் பதிவும் அதை மாற்றாது. அதனால் எங்கள் சீனியர் செட்டரையே வார இறுதிப் பயிற்சிக்கு அனுப்புகிறோம். ஃபீஸ் கம்பெனி கட்டுகிறது, பாண்ட் எதுவும் எழுதி வாங்கவில்லை. அதைப் பதிவாகப் போடலாமா என்று முதலாளி கேட்டார். பயிற்சி முடியட்டும், போடலாமா என்று அவரையே கேட்போம் என்று சொல்லியிருக்கிறேன்.